‘பார்த்துக்கொள்வார்கள்’ என்று எழுதினால் போதுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், கூடத்தில் உட்கார்ந்து உயிலைப் படிக்கிறார்கள். கடைக் கட்டடம் பெரியவனுக்கு, வீடு சின்னவனுக்கு. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: ‘திருமணமாகாத என் மகளையும் என் தாயாரையும் என் மகன்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.’ கூடத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மகளுக்கு வயது 44. அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் வேலையை விட்டு வந்தவள். அம்மா போய்விட்டார், இப்போது 86 வயதுப் பாட்டிக்கும் அவள்தான் துணை. ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதில் மாதம் 5,000 ரூபாய் வருகிறது.

இது ஒரு மாதிரிக் குடும்பம்தான். ஆனால் அந்தக் கடைசி வரியைத் தமிழ்நாட்டில் உயில் எழுதித் தரும் பலருக்கும் தெரியும். அந்த வரியை நம்பி ஒரு பெண் மளிகைக் கடையில் கணக்கு வைக்க முடியாது. எவ்வளவு பணம், யார் தருவது, எந்தத் தேதியில், தராவிட்டால் என்ன என்று எதையும் அது சொல்லவில்லை. உயில் சொல்லாமல் விட்டதைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கண்ணி எங்கே என்பதைச் சொத்து கைமாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், பங்கு உண்டா என்று பாருங்கள்

ஜீவனாம்சம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இரண்டு பெண்களுக்கும் சொத்தில் பங்கே இருக்கிறதா?

நம் மாதிரிக் குடும்பத்தில் உயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி முன்பே காலமாகிவிட்டதால் இங்கே வாரிசுகள் நான்கு பேர்: இரண்டு மகன்கள், மகள், பாட்டி. நான்கும் சமப் பங்கு. மகள் கல்யாணமானவளா, ஆகாதவளா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பாட்டிக்குப் பேரன்களோடு சமப் பங்கு என்பது பல வீடுகளில் தெரியாது. தெரிந்த வீடுகளிலும் சில சமயம் வேண்டுமென்றே மறக்கப்படுகிறது. காரணம் எளிது. பாட்டியின் பெயரில் ஒரு பங்கு வந்துவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு அது இந்தப் பேரன்களுக்கு மட்டும் போகாது. அவருடைய மற்றப் பிள்ளைகளான சித்தப்பாவும் அத்தையும் அதில் உரிமை கேட்பார்கள். ஜீவனாம்சம் என்றால் பாட்டியோடு முடிந்துவிடும். அதனால்தான் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது இறந்தவரின் தாய் பெயர் விடுபட்டுப்போகிறது. “பாட்டியை நாங்க பாத்துக்குறோம், எதுக்கு அவங்களை ஆபீசுக்கு அலைய வைக்கணும்?” என்ற அன்பான பேச்சும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதே போல்தான் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும். பங்கு உள்ள பெண், “மாசாமாசம் பணம் தர்றோம்” என்ற வாய்வார்த்தைக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டால், முழுச் சொத்துரிமையைக் கொடுத்து வெறும் வாக்கை வாங்கிக்கொள்கிறாள் என்று பொருள்.

சொத்து பூர்வீகமா என்பதையும் பார்க்க வேண்டும். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்பதை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989இல், அப்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு அது கிடைத்திருந்தது. அப்படிப்பட்ட சொத்தில் அப்பா தன் பங்கை மட்டுமே உயில் எழுத முடியும். மகளின் பங்கைத் தொட முடியாது.

ஆக, ஜீவனாம்சம் என்பது பங்கு கிடைக்காதவர்களுக்கான ஏற்பாடு. சுயமாகச் சம்பாதித்த சொத்தை ஓர் இந்து யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பெற்ற தாய்க்கும் மகளுக்கும் ஒரு காசு வைக்காமல் எழுதினாலும் அந்த உயில் செல்லும். நம் மாதிரிக் குடும்பத்தில் நடந்திருப்பது அதுதான். அங்கேதான் வேறொரு சட்டம் உள்ளே வருகிறது.

சொத்தை எடுத்தவர் சோறு போட வேண்டும்

1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், இறந்தவரை அண்டியிருந்தவர்கள் யார் யார் என்று 21ஆம் பிரிவில் பட்டியலிடுகிறது. அப்பா, அம்மா, மறுமணம் செய்துகொள்ளாத மனைவி, வயது வராத மகன், திருமணமாகாத மகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. விதவையான மகளும் மருமகளும்கூட, வேறு வழியில் பராமரிப்புக் கிடைக்காத அளவுக்கு, அதில் வருகிறார்கள். மகளுக்கு வயது வரம்பு இல்லை. 44 வயதானாலும் கல்யாணம் ஆகும்வரை அவள் அந்தப் பட்டியலில் இருப்பாள்.

அப்பாவின் நிலை விசித்திரமானது. மகனின் சொத்துக்குத் தாய் முதல் வகுப்பு வாரிசு. தந்தை இரண்டாம் வகுப்பு. ஆகவே மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால், உயில் இல்லாவிட்டாலும் தந்தைக்குப் பங்கு கிடையாது. அந்த முதியவர் இந்த 21ஆம் பிரிவைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த 22ஆம் பிரிவு சொல்வது இது: இந்தப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு உயில் வழியாகவோ வாரிசுரிமை வழியாகவோ சொத்தில் எந்தப் பங்கும் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சொத்தை எடுத்துக்கொண்டவர்கள் அவரைப் பராமரிக்க வேண்டும். எடுத்துக்கொண்டவர் மகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அண்ணன் மகனுக்கு உயில் எழுதியிருந்தாலும் அவரும் இதில் கட்டுப்பட்டவர்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடமை இறந்தவரின் சொத்தோடு வருகிறது. சின்னவன் சிங்கப்பூரில் வாங்கும் சம்பளத்தின் மேல் தங்கைக்கு இந்தப் பிரிவில் உரிமை இல்லை. அப்பாவிடமிருந்து அவன் பெற்ற வீட்டின் மதிப்பு வரைக்கும்தான் அவன் பொறுப்பு. அப்பா எதுவுமே விட்டுப்போகவில்லை என்றால் இந்தப் பிரிவில் கேட்க எதுவும் இல்லை. பாட்டிக்கு இன்னொரு வழி உண்டு. உயிரோடு இருக்கும் தன் மற்றப் பிள்ளைகளிடம் அவர் நேரடியாகவே பராமரிப்புக் கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். திருமணமாகாத 44 வயது மகளுக்கு அந்த வாசல் கிடையாது.

இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களின் வாரிசுரிமை வேறு. அங்கே கணக்கும் வேறு.

ஒரு கணக்கு

இப்போது நம் மாதிரிக் குடும்பத்துக்கு வருவோம். கடைக் கட்டடத்தின் மதிப்பு 60 லட்சம். மூன்று கடைகளிலிருந்து மாதம் 30,000 ரூபாய் வாடகை வருகிறது. அதன் மேல் அப்பா வாங்கிய வங்கிக் கடனில் 10 லட்சம் பாக்கி. வீட்டின் மதிப்பு 40 லட்சம், கடன் இல்லை.

இறந்தவரின் கடன்தான் முன்னால் நிற்கும். அதற்குப் பிறகுதான் ஜீவனாம்சம். ஆகவே பெரியவனுக்கு வந்ததன் நிகர மதிப்பு 50 லட்சம், சின்னவனுக்கு 40 லட்சம். மொத்தம் 90 லட்சம்.

எவ்வளவு கேட்கலாம்? சட்டத்தில் இத்தனை சதவீதம் என்ற வாய்ப்பாடு இல்லை. கடன் போகச் சொத்தின் நிகர மதிப்பு, கேட்பவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு, நியாயமான தேவை, கேட்பவரின் சொந்த வருமானம், கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். பராமரிப்பு என்றால் சோறும் துணியும் மட்டும் இல்லை. இருப்பிடமும் மருத்துவமும் அதில் அடங்கும். திருமணமாகாத மகளுக்கு அவளது கல்யாணத்துக்கான நியாயமான செலவும் சேரும்.

மகளுக்கு மாதம் 17,000 ரூபாய் தேவை என்று பில்களோடு காட்ட முடிகிறது என்று வைப்போம். தையல் வருமானம் 5,000 போக மீதி 12,000. பாட்டியின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 6,000. இருவரும் அந்த வீட்டிலேயே இருப்பதால் வாடகை சேர்க்கவில்லை. மொத்தம் 18,000 ரூபாய்.

இதை மகன்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கூடாது. அவரவர் பெற்ற சொத்தின் மதிப்புக்கு ஏற்பத்தான் பொறுப்பு என்கிறது சட்டம். 50க்கு 40, அதாவது 5க்கு 4 என்ற விகிதம். பெரியவன் மாதம் 10,000, சின்னவன் 8,000.

உயிலில் பாட்டிக்கு ஒரு சிறு மனைக்கட்டை எழுதி வைத்திருந்தால்? தன் பராமரிப்புக்கே போதாத அளவு சொத்துப் பெற்ற ஒருவரைப் பேத்திக்கும் பங்கு கொடு என்று கேட்க முடியாது. அவரும் அண்டியிருப்பவர்தான் என்று சட்டம் அவரை விட்டுவிடுகிறது. ஆனால் உயிலில் ‘மகளுக்கு ஐந்து பவுன்’ என்று பெயருக்கு எழுதியிருந்தால், “பங்குதான் வந்துவிட்டதே” என்று எதிர்த்தரப்பு வாதாட அதுவே இடம் கொடுக்கும். அந்தச் சின்னத் தொகைகளை அலட்சியமாக வாங்கிக் கையெழுத்துப் போடாமல், முதலில் வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

கண்ணி இங்கேதான்

கணக்குப் போட்டாயிற்று, மகன்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதம் பணம் வருகிறது. ஏழாவது மாதம் சின்னவன் வீட்டை விலை பேசுகிறான். அப்போது என்ன ஆகும்?

மக்கள் நினைப்பது, “அப்பா சொத்தில் எனக்கு உரிமை இருக்கிறது, என்னைக் கேட்காமல் எப்படி விற்க முடியும்?” என்று. பங்கு உள்ளவர் அப்படிச் சொல்லலாம். ஜீவனாம்ச உரிமை உள்ளவர் சொல்ல முடியாது. இந்த உரிமை சொத்தின் மேல் தானாக ஒட்டாது என்று 27ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒட்டவைக்க வேண்டும். அதற்கு முக்கியமான வழிகள் மூன்று. இறந்தவரே உயிலில் அந்தச் சொத்தின் மேல் பொறுப்பாக எழுதியிருக்க வேண்டும். அல்லது சொத்து வைத்திருப்பவரோடு ஒப்பந்தம் வேண்டும். அல்லது நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். இப்படி ஏற்றிவைப்பதைத்தான் வழக்கறிஞர்கள் ‘சார்ஜ்’ என்கிறார்கள்.

ஒட்டவைக்காத நிலையில் சொத்து கைமாறிவிட்டால், யார் வாங்கினார், எப்படி வாங்கினார் என்பதைப் பொறுத்தது. 28ஆம் பிரிவு வாங்குபவர்களைப் பிரித்துப் பார்க்கிறது. இப்படி ஒரு ஜீவனாம்ச உரிமை இருப்பது தெரிந்தே வாங்கியவர் மாட்டிக்கொள்வார். அவரிடம் அந்த உரிமையை நிலைநாட்டலாம். காசு கொடுக்காமல் பெற்றவரும் அப்படியே, அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். ஆகவே சின்னவன் வீட்டை மனைவி பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு, “என்கிட்ட எதுவுமில்லையே” என்று கையை விரிக்க முடியாது. ஆனால் முழு விலை கொடுத்து, எதுவும் தெரியாமல் வாங்கிய வெளியாளை ஒன்றும் செய்ய முடியாது. அதன் பிறகு விற்ற பணத்தைப் பெற்றவனைத்தான் துரத்த வேண்டும். பணத்தைத் துரத்துவது வீட்டைத் துரத்துவதைவிட எத்தனை கடினம் என்று வழக்காடியவர்களுக்குத் தெரியும்.

அதனால் ‘தெரியும்’, ‘தெரியாது’ என்பதே இங்கே உயிர்நாடி. நம் மகளும் பாட்டியும் அந்த வீட்டிலேயே குடியிருப்பது அவர்களுக்குப் பெரிய பலம். வீட்டைப் பார்க்க வருகிறவர் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். குடியிருப்பவர்களுக்கு என்ன உரிமை என்று விசாரிக்காமல் வாங்கியவர், பிறகு தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வது கடினம். “வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், கொஞ்ச நாள் அத்தை வீட்டுல இருங்க” என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்யும் முன் யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

என்ன செய்ய வேண்டும்

சுமுகமாக இருக்கும் குடும்பத்துக்கு வழக்கே தேவையில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதாக இருந்தால் அதிலேயே, உயில்படி எடுத்துக்கொள்வதாக இருந்தால் தனி ஒப்பந்தமாக, இந்த மாதிரி ஒரு வாசகம் போதும்: ‘மேற்படி “அ” அட்டவணைச் சொத்தானது, இன்னாருக்கு அவர் திருமணம் வரை அல்லது ஆயுள்வரை, மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் ரூபாய் 10,000 ஜீவனாம்சம் செலுத்தும் பொறுப்புக்கு உட்பட்டது. இப்பொறுப்பு சொத்தைப் பின்னர் பெறுபவர்களையும் கட்டுப்படுத்தும்.’ இதில் ஆள், தொகை, தேதி, காலம், சொத்து ஐந்தும் இருக்கிறது. விலைவாசிக்கு ஏற்ப இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தொகையை உயர்த்துவது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். எழுதாவிட்டாலும், நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் வரும். வெள்ளைத்தாளில் எழுதி நான்கு உறவினர் சாட்சிக் கையெழுத்துப் போட்டது பீரோவில் இருக்கும். வீடு வாங்க வருகிறவர் கண்ணில் படாது. நாளை அவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாதபடி செய்வதுதான் பதிவின் பயன்.

சுமுகமில்லாத குடும்பத்தில் முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். சொத்தை எடுத்தவர்களுக்குத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். விலை பேசுபவர் யார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒன்று அனுப்பலாம். அதன்பின் அவர் தெரியாமல் வாங்கியவர் ஆகமாட்டார்.

அடுத்தது வழக்கு. குடும்ப நல நீதிமன்றத்திலா, உரிமையியல் நீதிமன்றத்திலா என்பதை வழக்கறிஞர் ஊரைப் பார்த்துச் சொல்வார். மனுவில் மாதத் தொகையை மட்டும் கேட்டு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும். எந்தச் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்ற வேண்டும் என்று சர்வே எண், கதவு எண், எல்லைகளோடு குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால், வழக்கு நடக்கும்போதே ஒருவர் அந்தச் சொத்தை வாங்கினாலும் வழக்கின் முடிவு அவரையும் கட்டுப்படுத்தும். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும், சொத்தை விற்கத் தடையும் தனி மனுக்களாகக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது, கடன் கணக்கு, மருந்துச் சீட்டு, கேஸ் பில் எல்லாம் அப்போது சாட்சி பேசும். நீதிமன்றக் கட்டணம் சொத்தின் மதிப்புக்கு அல்ல, ஓர் ஆண்டு ஜீவனாம்சத் தொகைக்குத்தான் கணக்கிடப்படும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அந்த அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நின்றுபோன ஜீவனாம்சப் பாக்கியை மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும். “அண்ணன்தானே, கொடுப்பான்” என்று ஆறு ஆண்டு காத்திருந்தால் பழைய மூன்று ஆண்டுப் பாக்கி கையைவிட்டுப் போய்விடும்.

நம் மாதிரிக் குடும்பத்தில் உயில் எழுதியவர், மகளை மறந்தவர் அல்ல. ‘பார்த்துக்கொள்வார்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால், ‘அதற்கு என் கடைக் கட்டடமும் வீடும் பொறுப்பு’ என்று அவர் தொகையோடு சேர்த்திருந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன அலைச்சலில் பெரும்பகுதி அவர் மகளுக்கு இருந்திருக்காது. அவர் எழுதாத அந்த வரியை மகன்கள் இன்றும் எழுதித் தரலாம். வீட்டை விலை பேச ஆள் வருவதற்குள் எழுதித் தர வேண்டும்.